ஏசி லேபிளில் உள்ள ஸ்டாரை யூனிட்டாக மாற்றிப் பார்ப்பது

கேள்வி: "படுக்கையறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கப் போறோம். 3 ஸ்டார் லேபிள்ல 3.90, 960 யூனிட்னு இருக்கு. 5 ஸ்டார்ல 5.00, 750 யூனிட். விலையில 9,000 ரூபாய் வித்தியாசம். 5 ஸ்டார் எடுத்தா கரண்ட் பில் பாதியாயிடும்ங்கிறார் கடைக்காரர், உண்மையா? அதே கடையில 5.00னு போட்ட இன்னொரு மிஷின் 4 ஸ்டார்னு இருக்கே, அது எப்படி? மதுரை, மாடி வீடு, ராத்திரி மட்டும்தான் போடுவோம்."

பாதியாகாது. நீங்கள் எழுதிய இரண்டு லேபிள்களையே வைத்துச் சொன்னால், ஏசி இழுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். வீட்டின் மொத்த பில்லில் அது இன்னும் சிறிய பங்குதான், ஏனென்றால் பிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாம் பழையபடியே ஓடும். அப்படியென்றால் 9,000 ரூபாய் அதிகம் கொடுப்பது வீண் என்று முடிவு செய்துவிட வேண்டாம். வருஷத்தில் எத்தனை இரவு போடுவீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். கணக்கைக் கீழே போடுகிறேன்.

முதலில் அந்த 4 ஸ்டார் விஷயம். ஸ்டார் என்பது ஒரு தரவரிசைதான், அளவு இல்லை. உண்மையான அளவு லேபிளில் நீங்கள் பார்த்த 5.00, 3.90 என்ற எண். அதற்குப் பெயர் ஐ.எஸ்.இ.இ.ஆர். ஒரு கோடைப் பருவம் முழுக்க மிஷின் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வருவது. 5.00 என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று பொருள். எந்த எண்ணுக்கு எத்தனை ஸ்டார் என்பதை மத்திய மின்துறையின் கீழ் இருக்கும் எரிசக்தித் திறன் வாரியம், அதாவது பி.இ.இ., முடிவு செய்கிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை அந்த அட்டவணையைக் கடுமையாக்கவும் செய்கிறது.

2018 முதல் 2022 ஜூன் வரை 4.50 எடுத்தாலே 5 ஸ்டார். 2022 ஜூலை முதல் 5 ஸ்டாருக்கு 5.00 வேண்டும், 3 ஸ்டாருக்கு 3.80 போதும். 2026 ஜனவரியில் இன்னொரு படி ஏற்றிவிட்டார்கள். அதனால் 2025-ல் 5 ஸ்டார் வாங்கிய 5.00 மிஷின், இந்த வருஷத்து அட்டவணையில் 4 ஸ்டார் ஆகிவிட்டது. கடையில் நீங்கள் பார்த்தது அதுதான். மிஷின் மாறவில்லை, மேலே ஒட்டிய லேபிளின் காலம் மாறியிருக்கிறது. லேபிளில் 'எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இரண்டு மிஷின்களிலும் அந்த வரியைப் படித்துப் பாருங்கள், புரிந்துவிடும். 2025 டிசம்பரோடு முடியும் 5 ஸ்டாருக்காக, புது லேபிள் போட்ட 4 ஸ்டாரைவிட ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை, இரண்டிலும் எண் 5.00 என்று இருக்கும் பட்சத்தில். பழைய ஸ்டாக் என்று விலையைக் குறைத்துக் கொடுத்தால் தாராளமாக எடுக்கலாம்.

இதையே பழைய ஏசி பற்றிய பேச்சிலும் நினைவில் வையுங்கள். "எங்க வீட்ல 2016-லயே 5 ஸ்டார்தான் போட்டிருக்கோம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சாதாரண ஸ்பிளிட் ஏசிக்கு 3.50 இருந்தால் 5 ஸ்டார் கிடைத்தது. 2022 அட்டவணையில் 3.50 என்பது 2 ஸ்டார். நீங்கள் வாங்கத் தயங்கும் இந்த 3 ஸ்டாரே அதைவிடக் குறைவாகத்தான் கரண்ட் எடுக்கும்.

சரி, இப்போது அந்த 960, 750 என்ற எண்களுக்கு வருவோம். வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று லேபிள் சொல்லும்போது, வருஷத்தில் 1,600 மணி நேரம் ஓடுவதாக எடுத்துக்கொண்டு சொல்கிறது. இதில் ஒரு சின்னப் பெருக்கல் போட்டுப் பாருங்கள். 5.00 × 750 = 3,750. 3.90 × 960 = 3,744. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, இரண்டு மிஷினும் வருஷத்துக்கு ஒரே அளவு வெப்பத்தை, சுமார் 3,750 யூனிட் வெப்பத்தை, வெளியேற்றுவதாக வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு 2.3 யூனிட் சொச்சம் வரும். ஆனால் ஒன்றரை டன் மிஷினின் முழுத் திறன் சுமார் 5 கிலோவாட். அதாவது, சராசரியாகப் பார்த்தால் உங்கள் ஏசி தன் சக்தியில் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும் என்று லேபிள் நம்புகிறது. இந்த நம்பிக்கையை மனதில் வையுங்கள், பின்னால் இது முக்கியமாகும்.

லேபிள் யூனிட்டை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். 3 ஸ்டாருக்கு 0.60 யூனிட். 5 ஸ்டாருக்கு 0.47 யூனிட். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம் போட்டால் ஒன்று 4.8 யூனிட், மற்றது 3.75 யூனிட். ஒரு ராத்திரிக்கு ஒரு யூனிட் வித்தியாசம். கடைக்காரர் சொல்லும் பாதிக்கும், இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இதை நம் ஊர் பில்லில் வைத்துப் பார்த்தால்தான் ரூபாய் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 60 இரவு, எட்டு மணி நேரம் என்றால் 480 மணி. 3 ஸ்டார் 288 யூனிட் எடுக்கும், 5 ஸ்டார் 225. ஏசி இல்லாமல் உங்கள் வீட்டில் 350 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 638-ஆ 575-ஆ என்பதுதான் கேள்வி. இந்த 63 யூனிட்டும் பில்லின் உச்சியில் உட்கார்ந்திருப்பவை. 501 முதல் 600 வரை யூனிட் எட்டரை ரூபாய் அளவில், 601-க்கு மேல் ஒன்பதரை ரூபாய் அளவில் போகிறது. முதல் 25 யூனிட்டுக்கு 210 ரூபாய், மீதி 38-க்கு 360 ரூபாய் என்று ஒரு பில்லுக்கு சுமார் 570 ரூபாய் மிச்சம். பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். 100 யூனிட் இலவசமும் சேர்ந்து அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிடும், ஏசியில் மிச்சமாகும் யூனிட்டின் விலை எப்போதும் அதைவிட அதிகம்.

ஏசி இல்லாமல் 250 யூனிட் மட்டும் ஓடும் வீடாக இருந்தால் கதை இன்னும் சுவாரசியம். 3 ஸ்டாரில் 538, 5 ஸ்டாரில் 475. நம் கட்டண முறையில் 500-ஐத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய், அந்த நூறு யூனிட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கட்ட வேண்டிவரும். 200 ரூபாய்க்கு மேல் அதிலேயே போய்விடும். 5 ஸ்டார் உங்களை 500-க்குள் நிறுத்தி வைத்தால் அந்த பில்லில் மிச்சம் 700 ரூபாயை ஒட்டி வரும். உங்கள் பழைய பில்களை எடுத்து, கோடைக்கு முந்தைய யூனிட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இப்போது வருஷக் கணக்கு. மார்ச்சில் ஆரம்பித்து செப்டம்பர் வரை பெரும்பாலான இரவுகளில் போட்டால் சுமார் 200 இரவு, எட்டு மணி வீதம் 1,600 மணி. லேபிளில் உள்ள அதே மணிக்கணக்கு. வித்தியாசம் 210 யூனிட், ஏறக்குறைய 1,900 ரூபாய். 9,000 ரூபாய் ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் உங்களுக்கு லாபம். ஏப்ரல், மே அக்னி வெயிலுக்கு மட்டும் போடுகிறவர்கள் என்றால் வருஷத்துக்கு ஒரு பில்லில்தான் மிச்சம், 570-லிருந்து 700 ரூபாய். 9,000 திரும்ப 13 முதல் 16 வருஷம் வேண்டும், அதற்குள் மிஷினே மாற்ற வேண்டி வரலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் 3 ஸ்டாரைத்தான் சொல்வேன். பகலிலும் ஆள் இருந்து ஏசி ஓடும் வீடு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வீடு என்றால் 5 ஸ்டாரைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவும் லேபிள் சொல்லும் நிலைமையில். உங்கள் அறை அந்த நிலைமையில் இருக்குமா என்பதுதான் அடுத்த விஷயம். பலருக்கு 'லேபிள்ல போட்டதுக்கு மேல ஓடுதே' என்ற குறை வருவது இங்கேதான்.

பரிசோதனைக் கூடத்தில் மிஷினின் திறனை அளக்கும்போது வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி என்று வைத்து அளக்கிறார்கள். 27! நாம் யாரும் 27-ல் வைத்துத் தூங்குவதில்லை. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் போட்ட ஏசி எல்லாம் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் கையில் ரிமோட் இருக்கிறதே. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். 24-க்கும் 20-க்கும் இடையே உள்ள நான்கு டிகிரி, 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் தின்றுவிடும். 5 ஸ்டார் வாங்கி 20-ல் வைக்கிற வீடும், 3 ஸ்டார் வாங்கி 24-ல் வைத்து ஃபேனை இரண்டில் ஓட விடுகிற வீடும் கிட்டத்தட்ட ஒரே பில்தான் கட்டும்.

அதைவிடப் பெரியது நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன 'பாதிச் சக்தி' விஷயம். இன்வெர்ட்டர் ஏசியின் சிக்கனம் எல்லாம் கம்ப்ரசர் மெதுவாகச் சுழலும்போதுதான் கிடைக்கிறது. மெதுவாகச் சுழலும்போது அதே பெரிய காயிலில் குறைந்த கேஸ் ஓடுவதால், வெப்பம் எளிதாகக் கைமாறும். அறை குளிர்ந்து, கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க மெல்ல ஓடினால் 5.00 என்ற எண் கைக்கு வரும். அறை குளிரவே மாட்டேன் என்றால் கம்ப்ரசர் முழு வேகத்திலேயே நிற்கும். முழு வேகத்தில் இந்த இரண்டு மிஷினுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள தகட்டில் பார்க்கலாம். ஒன்றரை டன் 3 ஸ்டாருக்குப் பொதுவாக 1,600 வாட் அளவிலும், 5 ஸ்டாருக்கு 1,450 வாட் அளவிலும் போட்டிருப்பார்கள். அதாவது லேபிளில் 22 சதவீதமாகத் தெரிந்த வித்தியாசம், முழு வேகத்தில் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

மாடி வீடு என்றீர்களே, மேலே மொட்டை மாடிதானே? பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பன்னிரண்டு, ஒன்று வரை வெப்பத்தைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். படுக்கும்போது கட்டில் மேல் நின்று கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்கள் ஏசி முன்னிரவு முழுக்க அறைக் காற்றோடு இல்லை, அந்தத் தளத்தோடுதான் போராடப் போகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ கூலிங் டைல்ஸோ மாடியில் போட்டால், ஏசி எந்த ஸ்டாராக இருந்தாலும் கம்ப்ரசர் சீக்கிரம் வேகம் குறையும். 9,000 ரூபாயை எதில் போடுவது என்று என்னைக் கேட்டால், மேல் மாடி வீட்டுக்கு முதலில் தளத்தைக் கவனிக்கச் சொல்வேன்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒரு டன் 3 ஸ்டார் லேபிளைப் பார்த்தால் 670 யூனிட் அளவில் போட்டிருக்கும். 'ஒன்றரை டன் 5 ஸ்டாரே 750 காட்டுதே, அப்போ ஒரு டன் 3 ஸ்டார்தான் சிக்கனம்' என்று தோன்றும். அது தவறு. சின்ன மிஷின் சின்ன அறையைக் குளிர்விக்கும் என்று வைத்துத்தான் லேபிளில் யூனிட் போடுகிறார்கள். உங்கள் அறையிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம், மிஷின் சின்னதாக இருப்பதால் குறைந்துவிடாது. மேல் மாடியில் ஒரு டன்னைப் போட்டால் அது முழு வேகத்தில் ராத்திரி முழுக்க உழைக்கும். அதனால் யூனிட்டை யூனிட்டோடு ஒப்பிடுவது ஒரே டன் உள்ள மிஷின்களுக்கு நடுவில் மட்டும். டன் வேறாக இருந்தால் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணைப் பாருங்கள்.

மதுரைக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை, ஆனால் இதைப் படிக்கும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்களுக்காக ஒன்று. பருவக் கணக்கு வெளி வெப்பநிலையை 24 முதல் 43 டிகிரி வரை பிரித்து, இந்தியா முழுமைக்கும் பொதுவாகப் போட்டது. காற்றில் உள்ள ஈரம் ஊருக்கு ஊர் மாறுவது அதில் வராது. கடலோரத்தில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு ஈரத்தைத் தண்ணீராக மாற்றி வெளியே விடுவதிலேயே போகும். பின்பக்கக் குழாயில் தண்ணீர் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்தாலே தெரியும். அங்கே லேபிளைவிடக் கூடுதலாக ஓடினால் மிஷினைக் குறை சொல்ல முடியாது.

வாங்கி மாட்டிய பிறகு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஆள் யாரும் வர வேண்டியதில்லை, வீட்டு மீட்டரே போதும். மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். 'kWh' என்று பக்கத்தில் தெரியும் எண்தான் யூனிட். ஏசி போடாத ஒரு ராத்திரி பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜும் ஃபேனும் எடுத்தது தெரிந்துவிடும். ஏசி போட்ட ராத்திரியும் அப்படியே குறித்து, முந்தையதைக் கழித்தால் ஏசி எடுத்தது. ஒரு ராத்திரியை நம்பாமல் நாலைந்து நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். 5 ஸ்டாருக்கு லேபிள் கணக்கு 3.75 யூனிட். 24-ல் வைத்து, மாடி அறையில், ஐந்து யூனிட் வரை வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஏழெட்டு யூனிட் வந்தால் கம்ப்ரசர் வேகம் போதிய அளவு குறையவில்லை என்று அர்த்தம்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது அவுட்டோர் யூனிட் இருக்கும் இடம். பால்கனிக்குள் கிரில்லை ஒட்டியோ, நாலு பக்கமும் சுவர் உள்ள சந்திலோ மாட்டியிருந்தால், அது ஊதும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி அதன் முதுகுக்கே வரும். வெளியே 30 டிகிரி இருக்கும் ராத்திரியில்கூட அந்த மிஷினுக்கு 40 டிகிரி. பின்பக்கம் கை வைத்துப் பார்த்தால் உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருக்கும். அடுத்து ஃபில்டர். கோடையில் மாதம் ஒருமுறையாவது கழற்றிக் குழாயடியில் கழுவ வேண்டும். கதவின் அடி இடைவெளியும், மூடாத ஜன்னல் மேல் வென்டிலேட்டரும் அடுத்தது. இதெல்லாம் சரியாக இருந்தும், முதல் கோடையில் ஐந்து யூனிட் எடுத்தது இரண்டாம் கோடையில் எட்டு எடுக்கிறது, குளிர்ச்சியும் குறைவு என்றால் கேஸ் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அங்கே வெறுமனே கேஸ் ஏற்றிவிட்டுப் போக விடாதீர்கள், எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பணம் கட்டும் முன் மாடல் எண்ணை பி.இ.இ. வெளியிட்டிருக்கும் ஸ்டார் லேபிள் செயலியில் போட்டுப் பாருங்கள். அதில் வரும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணும் யூனிட்டும், மிஷின் மேல் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாடல் எண்ணில் கடைசி ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மிஷின். ஷோரூமில் மாட்டி வைத்ததைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், வீட்டுக்கு வந்து இறங்கும் பெட்டியில் உள்ள எண்ணையும் பில்லில் உள்ளதையும் ஒப்பிட்ட பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்.